வாய் கொப்பளித்த பச்சைத் தண்ணீர்

என் கணவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் முடிந்திருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் ஒரு நாள் தவறாமல், அவர் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டருகே நிறுத்தி, "ஊதுங்க" என்பேன். ஊதுவார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறப்பேன். ஐம்பத்திரண்டு வயது மனிதர், தலையில் ஹெல்மெட்டோடு, என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. குடித்துவிட்டு அதே கேட்டில் விழுந்து கிடந்தபோதும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?

அவர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். கிள்ளானை ஒட்டிய மேரு பக்கத்தில் இருக்கிற லோரி யார்டில் வண்டியை எடுத்து, துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்வருகிற வேலை. சாவி கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரும் ஒரு கருவியில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் சாவி. சிவப்பு எரிந்தால் வீடு. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சிவப்பு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் மனிதர் குளித்துவிட்டு வந்திருந்தார், தண்ணீரில் இல்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று கம்பெனியில் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் போன் நம்பரை நானே எழுதிக் கொடுத்தேன். "ஏதாச்சும்னா எனக்கு போன் அடிங்க" என்று பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டும் வந்தேன். அந்த வெள்ளிக்கிழமையே கிள்ளானில் எங்கள் கோயிலுக்குப் போய் அவர் கையில் கயிறு கட்டிக்கொண்டார். இனி தொட்டால் என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று அம்மன் முன்னாலேயே நான் சொன்னேன். சொன்னால் செய்கிறவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வயதில், ஒரு லோரி கம்பெனி குடித்ததற்காக வெளியே அனுப்பிய டிரைவரை அடுத்த கம்பெனி எடுக்காது. யார்டுகாரர்களுக்குள் ஒரு போன் போதும். லோரியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே அவர் வாயிலிருந்து என்ன வாசனை வருகிறது என்பதில்தான் எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ஊதியபோது, புதினா வாசனை முகத்தில் அறைந்தது. வழக்கமாக வருகிற வாசனை இல்லை. மூக்கு எரிகிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு காட்டம்.

"என்னா இது, இவ்ளோ வாசம்?" என்றேன்.

"வாய் கொப்பளிச்சேன்" என்றார்.

"எதுக்கு இவ்ளோ கொப்பளிக்கணும்?"

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். நேரமாகிறது என்று கையைக் காட்டினார். கேட்டைத் திறந்துவிட்டேன். ஆனால் மனசு அங்கேயே நின்றுவிட்டது. குடித்த காலத்தில் இந்த மனிதர் சூயிங்கம் மென்றிருக்கிறார், சோம்பு மென்றிருக்கிறார், பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்திருக்கிறார். ஒரு வாசனை அதிகமாக வந்தால் அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கிறது என்பதை நான் இருபத்தைந்து வருடமாகப் படித்தவள்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் போகிறேன். அன்றைக்கு ஸ்டேஷனில் நிற்கும்போது போன் வந்தது. யார்டின் பாதுகாப்பு அதிகாரி. மலாய்க்காரர், நல்ல மனிதர், என்னை அக்கா என்ற அர்த்தத்தில் 'கக்' என்றுதான் கூப்பிடுவார். அவரும் நானும் பேசியதெல்லாம் மலாயில். தமிழில் எழுதுகிறேன்.

"கக், உங்க ஹஸ்பெண்ட் ஊதினார். சிவப்பு. மறுபடி குடிக்கிறாரா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிளாட்பாரத்தில் ரயில் வருகிற அறிவிப்பு வேறு காதைக் கிழித்தது. யோசிக்கவில்லை. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"குடிச்சிருக்கார். காலையிலேயே எனக்குத் தெரியும். வாசனைய மறைச்சுக்கிட்டுதான் போனார். லோரிய குடுக்காதீங்க, யாரையாச்சும் கொன்னுடுவார்" என்றேன்.

"சரி கக்" என்றார். வைத்துவிட்டார்.

ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஷா ஆலம் தாண்டுகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதரை மனசுக்குள் திட்டினேன். ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. பத்து நாள் கழித்து விசாரணை, அதுவரைக்கும் வேலைக்கு வரக்கூடாது என்று கடிதம் மேசை மேல் இருந்தது.

"நான் குடிக்கல" என்றார்.

"அந்த மிஷினுக்கு உங்க மேல என்னா கோவம்? அது பொய் சொல்லுதா?"

"நான் குடிக்கல லா."

"அம்மன் முன்னால கட்டின கயிற பாத்து சொல்லுங்க."

அவர் கையைப் பார்த்தார். கயிற்றை விரலால் தடவினார். ஆனால் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சில் குற்றம் இல்லாதவன் சொல்லியிருக்க மாட்டானா? அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் எவ்வளவு கத்தினாலும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இதென்ன கள்ளத்தனம் என்று எனக்கு மேலும் மேலும் ஏறியது.

மறுநாளிலிருந்து தேட ஆரம்பித்தேன். குடிகாரன் பெண்டாட்டிக்கு வீட்டில் தெரியாத இடம் கிடையாது. கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில், அரிசிப் பாத்திரத்தில், பழைய காலணிப் பெட்டிகளில், பின்பக்கம் வாழை மரத்தடியில். முன்னால் ஒரு காலத்தில் சலவை சோப்புத் தூள் பையில் ஒளித்து வைத்திருந்தார், அதையும் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கிடைக்காததால், இப்போது மனிதர் என்னைவிடக் கெட்டிக்காரராகிவிட்டார் என்று நினைத்தேன்.

நான் தேடுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தடவை, நான் மேல் அலமாரிக்கு நாற்காலி போட்டு ஏறியபோது, எழுந்து வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்துடாத" என்றார். அதற்கும் நான் நடிப்பு என்று பெயர் வைத்தேன்.

அவருக்கு ஒரு வாரமாகவே இருமல். விசாரணைக்கு நாலு நாள் இருந்தபோது வீட்டில் இருந்த இருமல் மருந்து தீர்ந்துபோனது. எவ்வளவு கோபமிருந்தாலும் ராத்திரி முழுக்க அந்த மனிதர் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியுமா? கடையில் சாப்பாட்டு நேரத்தில், ரோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்குப் போனேன். காலியான பாட்டிலைப் பையில் வைத்திருந்தேன். அவர் தேறுவதற்காக நான் வாங்கிக் கொடுத்துவந்த அரிஷ்டமும் முடிகிற நிலையில் இருந்தது. அது நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் டெங்கி வந்து ஆளே பாதியாகிப் போனார். உடம்பு தேற நல்லது என்று கடைக்காரர் சொன்னார். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு மூடி ஊற்றி, சமமாகத் தண்ணீர் கலந்து நானேதான் கொடுப்பேன். அந்த பாட்டிலையும் மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன்.

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் ஒரு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தமிழ்நாட்டுக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. வேலை பெர்மிட்டில் வந்து பங்சாரில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறாராம். தலையில் தொப்பி. இருமல் மருந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இதுல ஆல்கஹால் இல்லையே தங்கச்சி? நாங்க எடுக்கக் கூடாது" என்று கேட்டார்.

கவுண்டரில் இருந்த மருந்தாளர் சின்னப் பெண், தூடோங் முக்காடு போட்ட தமிழ்ப் பெண். பாட்டிலை வாங்கி, பின்பக்கத்து லேபிளைப் படித்தாள். "இதுல இருக்குண்ணே. எத்தனால்னு போட்டிருக்கு பாருங்க. மருந்து கரையறதுக்காக போடுவாங்க. இந்தாங்க, இதுல இல்ல" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"பேருல ஆல்கஹால்னு இருந்தா எல்லாமே அதுதானா? எங்க முதலாளி வீட்ல ஒரு கிரீம் இருக்கு, அதுலயும் ஆல்கஹால்னு போட்டிருக்கு."

"அது சீட்டைல் ஆல்கஹால்னு இருக்கும். அது மெழுகு மாதிரி. குடிக்கிறது இல்ல. சிரப்புல சோர்பிட்டால்னு ஒண்ணு வரும், அது இனிப்புக்கு. அதுவும் இல்ல. எத்தனால், இல்லைன்னா வெறும் ஆல்கஹால்னு தனியா போட்டிருந்தா மட்டும் என்கிட்ட கேளுங்க."

அவர் திருப்தியாகப் போய்விட்டார். நான் என் காலி பாட்டிலைக் கவுண்டரில் வைத்தேன். 

"இதுல?"

படித்தாள். "இதுலயும் இருக்கு ஆன்டி. கொஞ்சம்தான். உங்களுக்கு எதுக்காக வேணாம்? மார்க்கத்துக்காகவா, உடம்புக்காகவா, இல்ல யாராச்சும் பழக்கத்த விட்டிருக்காங்களா? எதுக்குன்னு தெரிஞ்சா நான் சரியா பாத்துச் சொல்லுவேன்."

கடையில் யாரும் இல்லை. சொல்லிவிட்டேன். என் கணவர் குடியை விட்டவர், விட்டதாகச் சொல்கிறவர் என்று சொன்னேன். அரிஷ்டத்தையும் எடுத்து வைத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லேபிளின் அடியில் எறும்பு போல இருந்த எழுத்தைக் காட்டினாள். அந்த பாட்டிலை நான் இரண்டு மாதம் தினமும் கையில் பிடித்திருக்கிறேன். ஒரு நாளும் அந்த வரியைப் படித்ததில்லை.

"இது யாரும் ஊத்துறது இல்ல ஆன்டி. கஷாயத்துல வெல்லமும் பூவும் போட்டு மூடி வச்சு புளிக்க வைப்பாங்க. புளிக்கும்போது அதுவா வருது. நூத்துக்கு அஞ்சுலேருந்து பத்து வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு பாருங்க. பீர் மாதிரி, சில சமயம் அதுக்கும் மேல. ரெண்டு மூடின்னா அளவு கம்மிதான், போதை வராது. ஆனா விட்டவங்களுக்கு அந்த ருசியே வேணாம்னு சொல்லுவோம். நாக்குக்கு ஞாபகம் வந்துடும்."

 அவரை நாயாட்டம் முகர்ந்து காவல் காத்த நான், என் கையாலேயே, அளந்து, தண்ணீர் கலந்து, ராத்திரி ராத்திரி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மூடியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று உதட்டை நக்கிக்கொண்டது ஞாபகம் வந்தது. அடக் கடவுளே!

ஆனாலும் என் புத்தி எங்கே போகிறது பாருங்கள். அரிஷ்டத்தில் இருப்பது இவருக்கு முன்பே தெரியுமோ, தெரிந்துதான் சத்தம் போடாமல் குடித்தாரோ என்று உடனே அடுத்த சந்தேகம்.

"ராத்திரி இத குடிச்சா காலையில மிஷின்ல ஊதினா தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஆன்டி. இவ்ளோ கொஞ்சம்னா ஒரு மணி நேரத்துலயே போயிடும். காலையில என்னா எடுத்தார்?"

"ஒண்ணும் எடுக்கல. வாய் கொப்பளிச்சேன்னார்."

"எதுல?"

 எனக்கு ஏதோ விளங்குகிற மாதிரியும் விளங்காத மாதிரியும் இருந்தது. பச்சை நிறம், பெரிய பாட்டில் என்றேன். அவள் திரும்பி, பின்னாலிருந்த தட்டிலிருந்து அதே மாதிரி பச்சையாக ஒன்றை எடுத்து வைத்தாள். தண்ணீருக்கு அடுத்தபடியாக இரண்டாவதாக எழுதியிருந்தது ஆல்கஹால்.

"சில மௌத்வாஷ்ல அஞ்சுல ஒரு பங்கு இதுதான். துப்பிடறோம், வயித்துக்குப் போகாது, ரத்தத்துக்கும் போகாது. ஆனா வாயில ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். கொப்பளிச்ச உடனே ஊதினா மிஷின் அத குடிச்சதாதான் காட்டும். கால் மணி நேரம், இருபது நிமிஷம் சும்மா உக்காந்துட்டு மறுபடி ஊதினா ஒண்ணும் இருக்காது. நெஜமா குடிச்சவங்களுக்குத்தான் அப்பவும் காட்டும். உங்க வீட்லேருந்து வேலை எவ்ளோ தூரம்?"

"மோட்டார்ல ஏழு நிமிஷம்."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப சான்ஸ் இருக்கு."

போகும்போது, இட்லி மாவுகூடப் புளிக்கிறதே, அதிலும் வருமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "இட்லிய விட்டுடுங்க ஆன்டி, ஆவியில வெந்துடும். தாப்பாய்தான் கொஞ்சம் பாத்துக்கணும், அது நாளாக ஆக ஏறிக்கிட்டே போகும்." பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த, சோற்றைப் புளிக்க வைத்துச் செய்த தாப்பாயை, இலை இலையாகப் பிரித்து அவருக்கு நான் ஊட்டாத குறையாகக் கொடுத்தது அப்போது ஞாபகம் வந்தது. ஆல்கஹால் இல்லாத இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் குளியலறைக்குப் போனேன். இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்று பல் கிளினிக்கில் அவருக்கு ஈறு வீக்கத்துக்காகக் கொடுத்த நீல பாட்டில், காலி. ஆல்கஹால் இல்லை என்று அதன் முன்பக்கத்திலேயே போட்டிருந்தது. இன்னொன்று பச்சை. ஞாயிற்றுக்கிழமை மேருவில் சூப்பர்மார்க்கெட்டில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான்தான் அள்ளிக்கொண்டு வந்தேன். தண்ணீருக்கு அடுத்து, அதே வார்த்தை.

அவரிடம் போய் நின்றேன். "அன்னிக்கு எந்த பாட்டில்ல கொப்பளிச்சீங்க?"

"புதுசுல. நீலம் முடிஞ்சு போச்சு."

"எப்ப?"

"கெளம்புறதுக்கு முன்னாடிதான்."

"ஏன் கெளம்புறப்ப? எழுந்த உடனே கொப்பளிச்சா என்னா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ ஊதச் சொல்லுவ. ஈறு வீக்கத்துல வாய் நாறுது. நீ மூஞ்ச சுளிப்ப. அதான் தெனமும் கடைசியா கொப்பளிச்சுட்டு வருவேன்."

எனக்குக் கோபம் வந்தது, அதுவும் என்மேல்தான் என்பதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று எரிந்து விழுந்தேன். அவர் இருமினார். அப்போதும், சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே ஒரு மூலையில் ஒரு குரல், இதையும் நம்பிவிடாதே, இந்த ஆள் எதையும் செய்வான் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு யார்டுக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரியின் அறை கண்டெய்னருக்குள் ஏர்கான் வைத்த அறை. மேசையில் அந்தக் கருவி. நான் பச்சை பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"நான் ஜென்மத்துல ஒரு சொட்டு குடிச்சதில்ல. உங்களுக்குத் தெரியும்" என்றேன். "மொதல்ல சும்மா ஊதுறேன்."

ஊதினேன். பச்சை. பூஜ்யம்.

பிறகு வெளியே இருந்த குழாயடிக்குப் போய், மூடி நிறைய ஊற்றி, கண்ணில் தண்ணீர் வர அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தேன். என் கணவர் வீட்டிலிருந்து ஓட்டிவருகிற தூரத்துக்கு ஏழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கருவியில் வாய் வைக்கிற புது முனையை மாட்டிக் கொடுத்தார். ஊதினேன்.

சிவப்பு.

அதிகாரி என்னைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். அறையின் மூலையில் நின்றிருந்த என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பாட்டிலை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. "கக், இது என் வீட்லயும் இருக்கு" என்றார் மெதுவாக. "என் மனைவி வாங்குவாங்க."

"இப்ப இருபது நிமிஷம் உக்காருவோம்" என்றேன்.

தண்ணீரால் வாயை அலசிவிட்டு உட்கார்ந்தோம்.  இருபது நிமிடம் கழித்து ஊதினேன். பச்சை. பூஜ்யம். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. "பாத்தீங்களா? உங்க மிஷின நம்பி ஒரு மனுஷனோட வயித்துல அடிக்கிறீங்களே, இத உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?" என்று குரலை உயர்த்தினேன். என் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்.

அதிகாரி கோபப்படவில்லை. எழுந்துபோய் ஒரு ஃபைலை எடுத்து வந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சொல்லிக் குடுத்திருக்காங்க கக். முதல் தடவ சிவப்பு வந்தா உக்கார வச்சு, இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லணும். ரெண்டாவதுதான் கணக்கு. அன்னிக்கும் இவர அந்த நாற்காலியிலதான் உக்கார வச்சேன். உக்கார வச்சுட்டுத்தான் உங்களுக்கு போன் அடிச்சேன்."

ஃபைலில் அதிகாரியின் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. முதல் ஊதல், சிவப்பு. மனைவியிடம் விசாரித்தேன், குடித்ததை உறுதி செய்தார். இரண்டாவது ஊதல் தேவைப்படவில்லை.

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. அதுக்கப்புறம் எதுக்கு இவர அவமானப்படுத்தணும்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன். என் தப்புதான்" என்றார். பிறகு கேட்டார், "கக், அன்னிக்கு இவர் குடிச்சத பாத்தீங்களா?"

"இல்ல."

"சாராய வாசனை வந்துச்சா?"

"புதினா வாசனைதான் வந்துச்சு."

"அப்புறம் எப்படி சொன்னீங்க?"

எனக்கு எதற்கும் பதில் உண்டு. சேலைக் கடையில் எவ்வளவு பேரம் பேசுகிறவளையும் ஒரே வார்த்தையில் மடக்குவேன். அன்றைக்கு அந்தக் குளிர்ந்த அறையில் அந்த வரியை அடித்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டேன். அடிக்க முடியாது, கீழே வேண்டுமானால் நீங்களே எழுதுங்கள் என்றார். பேனாவை வாங்கினேன். 'நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது. சந்தேகத்தில் சொல்லிவிட்டேன்' என்று மலாயில் எழுதி, அடையாள அட்டை எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது. என் கணவர் பின்னால் நின்று படிப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

விசாரணை தேவைப்படாது, மேலே எழுதி அனுப்புகிறேன், திங்கட்கிழமை வந்து வண்டியை எடுக்கட்டும் என்றார் அதிகாரி. என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "தெரிமா காசே, போஸ்" என்று நன்றி சொன்னார். அவ்வளவுதான் பேசினார்.

காரில் ஏறிய பிறகு நான்தான் ஆரம்பித்தேன். லோரிகள் வரிசையாகப் போகிற அந்த ரோட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்னால் பார்த்தபடியே கேட்டேன்.

"நான் போன்ல சொன்னது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"ம். போன வச்சதும் அவரு சொன்னாரு. உங்க வைஃப் சொல்லிட்டாங்கன்னு."

"அப்ப ஏங்க பத்து நாளா வாயத் தொறக்கல? நான் தேடுனப்ப, கத்துனப்ப, ஒரு வார்த்த திருப்பி கேட்டிருக்கலாம் இல்ல? என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாம் இல்ல?"

அவர் வெளியே பார்த்தபடி சொன்னார். 

"குடிக்கலன்னுதான் மொதல்ல நெனச்சேன். நீ சொன்னதா அவரு சொன்னப்பவும் அப்படித்தான். சாயந்திரம் கயித்த பாத்து சொல்லச் சொன்னியே, அப்பதான் சந்தேகம் வந்துச்சு. முன்ன எத்தன தடவ, ராத்திரி என்னா செஞ்சேன்னு காலையில எனக்கே தெரியாது, நீ சொல்லித்தான் தெரியும்? நீ சொன்னது ஒண்ணும் பொய்யா இருந்ததில்ல. அதான், எனக்குத் தெரியாமயே எங்கயோ குடிச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். நீ தேடுறப்பல்லாம், எங்கேருந்து எடுக்கப் போறியோன்னு நானும் பயந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லோரி ஹார்னடித்துக்கொண்டு கடந்துபோனது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தார்.